கை சுட்டால் முதலில் எந்த நியூரான்? – அனிச்சை வில் வினாக்களில் வரிசை தவறும் இடங்கள்



பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் என்ற பாடம் இருக்கிறது. அதில் அனிச்சை வில் பற்றிய கேள்வி பல உருவங்களில் வரும். ஒரு மதிப்பெண்ணுக்குச் சரியான வரிசையைத் தேர்ந்தெடு என்று வரும். நான்கு மதிப்பெண்ணுக்குப் படம் வரைந்து பாகம் குறி என்று வரும். ஏழு மதிப்பெண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கு என்றும் வரும். எந்த உருவத்தில் வந்தாலும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். உணர் நியூரான், இடை நியூரான், இயக்க நியூரான் ஆகிய மூன்றும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே அது.

மூன்று பெயர்தானே, மனப்பாடம் செய்துவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீட்டில் ஒப்பிக்கும்போது சரியாகச் சொல்கிறார்கள். தேர்வுத்தாளில் நான்கு விடைகளையும் ஒன்றாகப் பார்த்தவுடன் குழம்பிவிடுகிறார்கள். காரணம், அவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்தார்களே தவிர, அந்த வரிசை ஏன் மாற முடியாது என்பதைப் பார்க்கவில்லை. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு தேக்சா மூடியில் தொடங்குவோம்

பிரியாணிக்குத் தம் போட்டிருக்கிறார்கள். தேக்சாவின் மூடி மேல் கங்கு போட்டிருக்கிறது. தெரியாமல் ஒருவர் மூடியின் ஓரத்தை வலது கை விரலால் தொட்டுவிடுகிறார். கை சட்டென்று மடங்கிப் பின்னால் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் "அம்மாடி!" என்று வாயில் வருகிறது. இந்தச் சிறு நிகழ்வுக்குள் நடப்பதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

விரல் நுனியின் தோலில் வெப்பத்தையும் வலியையும் உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. இவை உணர்வேற்பிகள். சூடு பட்டவுடன் இங்கே ஒரு மின் தூண்டல் பிறக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது உணர் நியூரான். இதன் நீளத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பெரியவர் ஒருவரின் விரல் நுனியிலிருந்து கழுத்துக்குள் இருக்கும் தண்டுவடம் வரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரத்தையும் ஒரே ஒரு செல்லின் இழை கடக்கிறது. அந்தச் செல்லின் உடல், அதாவது சைட்டான், விரலிலும் இல்லை, தண்டுவடத்துக்குள்ளும் இல்லை. தண்டுவடத்துக்குச் சற்று வெளியே, முதுகுப்புற வேரில் உள்ள சிறு முடிச்சில் அது இருக்கிறது.

உணர் நியூரானின் மறுமுனை தண்டுவடத்தின் முதுகுப் பக்கமாக உள்ளே நுழைந்து சாம்பல் நிறப் பகுதியில் முடிகிறது. அங்கே இருப்பது இடை நியூரான். சில புத்தகங்களில் இதை இணைப்பு நியூரான் என்றும் கடத்து நியூரான் என்றும் எழுதுவார்கள். எல்லாம் ஒன்றுதான். இது குட்டையானது. நம் எடுத்துக்காட்டில் இது தண்டுவடத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. வந்த செய்தியை வாங்கி, எந்தத் தசைக்குப் போக வேண்டுமோ அந்தத் தசைக்குரிய இயக்க நியூரானிடம் ஒப்படைப்பது இதன் வேலை.

இயக்க நியூரானின் செல் உடல் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதிக்குள்ளேயே, வயிற்றுப் பக்கமாக இருக்கிறது. அதன் ஆக்ஸான் வயிற்றுப்புற வேர் வழியாக வெளியே வந்து, மேற்கையில் உள்ள இருதலைத் தசைக்குப் போகிறது. தசை சுருங்குகிறது. முழங்கை மடங்குகிறது. விரல் மூடியை விட்டு விலகுகிறது. இங்கே தசைதான் செயல்படும் உறுப்பு.

ஆக முழு வரிசை இது: சூடு, தோலின் உணர்வேற்பி, உணர் நியூரான், தண்டுவடத்தில் இடை நியூரான், இயக்க நியூரான், தசை, கை விலகுதல்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேகமான வலியைக் கடத்தும் இழைகளில் செய்தி விநாடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகிறது. நடுவாக 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 53 மில்லி விநாடி ஆகும். இடையில் உள்ள இரண்டு சந்திப்புகளும் சேர்ந்து 1 மில்லி விநாடி அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன. இயக்க நியூரானின் இழை தடிமனானது, வேகமானது. விநாடிக்கு 50 மீட்டர் என்று வைத்தால், கழுத்திலிருந்து மேற்கைத் தசை வரை உள்ள 35 சென்டிமீட்டருக்கு 7 மில்லி விநாடி போதும். தசை சுருங்கும் நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு விநாடிக்குள் வேலை முடிகிறது. இதில் பெரும்பகுதி நேரத்தை முதல் நியூரானே எடுத்துக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். நெடுந்தூரம் ஓடுவது அதுதான். மெல்லிய இழையும் அதனுடையதுதான்.

தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள இரண்டு குழிகள்

வரிசை தவறுவதற்குச் சொற்களே காரணமாக இருப்பது உண்டு. அந்த இடங்களை முதலில் அடையாளம் காண்போம்.

முதல் குழி: இடை, இணைப்பு, இயக்கம் ஆகிய மூன்று சொற்களும் "இ" என்ற எழுத்தில் தொடங்குகின்றன. அவசரமாகப் படிக்கும் கண், முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். "உணர், இயக்க, இடை" என்று எழுதியிருப்பதை "உணர், இடை, இயக்க" என்றே படித்துவிடுவோம். போதாததற்கு அகர வரிசையில் அடுக்கினால் இடை, இயக்க, உணர் என்றுதான் வரும். பாகங்களை அகர வரிசையில் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லும் கேள்விகளில் அந்த அடுக்கே விடை போலத் தோன்றிவிடுகிறது. இதற்கு ஒரு வழி, படிக்கும்போது இரண்டாவது எழுத்தின் கீழ் விரலை வைப்பது. "ட" வந்தால் இடை. "ண" வந்தால் இணைப்பு, அதுவும் இடைதான். "ய" வந்தால் இயக்கம்.

இரண்டாவது குழி: உட்செல் நியூரான், வெளிச்செல் நியூரான் என்ற பெயர்கள். உணர் நியூரானுக்கு உட்செல் நியூரான் என்றும், இயக்க நியூரானுக்கு வெளிச்செல் நியூரான் என்றும் மறுபெயர் உண்டு. இங்கே பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? "சூடு வெளியிலிருந்துதானே வருகிறது, ஆகவே முதலில் வருவது வெளிச்செல்" என்று நினைக்கிறார்கள். உள்ளே, வெளியே என்பது எதை வைத்துச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்காததால் வரும் தவறு இது. தோலை வைத்து அல்ல, தண்டுவடத்தை வைத்துச் சொல்லப்படுகிறது. தண்டுவடத்துக்குள் செய்தியைக் கொண்டு செல்வது உட்செல். தண்டுவடத்திலிருந்து செய்தியை வெளியே கொண்டு செல்வது வெளிச்செல். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நத்தத்திலிருந்து வரும் பேருந்து நிலையத்துக்குள் வருகிறது, பழனிக்குப் போகும் பேருந்து நிலையத்திலிருந்து வெளியே போகிறது. பயணி எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் இல்லை. நிலையம்தான் அளவுகோல்.

ஆறு வரிசைகள், ஒரே விடை

மூன்று பொருள்களை ஆறு விதமாக அடுக்கலாம். அவற்றில் ஒன்றுதான் சரி. மற்ற ஐந்தையும் எப்படித் தள்ளுவது என்று பார்ப்போம். மறந்துபோன நேரத்திலும் இந்த முறை கைகொடுக்கும்.

1. உணர் – இடை – இயக்க
2. உணர் – இயக்க – இடை
3. இடை – உணர் – இயக்க
4. இடை – இயக்க – உணர்
5. இயக்க – உணர் – இடை
6. இயக்க – இடை – உணர்

முதல் கேள்வி: இடை நியூரான் எங்கே இருக்கிறது? முழுக்கத் தண்டுவடத்துக்குள். தோலையும் தொடாது, தசையையும் தொடாது. அப்படியானால் அது தொடக்கத்திலும் நிற்க முடியாது, முடிவிலும் நிற்க முடியாது. இந்த ஓர் உண்மையே நான்கு வரிசைகளைத் தள்ளிவிடுகிறது. 3, 4 இரண்டிலும் இடை முதலில் இருக்கிறது. தோலில் பட்ட சூட்டை, தண்டுவடத்துக்குள் இருக்கும் செல் நேரடியாக எப்படி அறியும்? 2, 5 இரண்டிலும் இடை கடைசியில் இருக்கிறது. செய்தி தண்டுவடத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் தசை எப்படிச் சுருங்கும்?

மிஞ்சியவை 1, 6 மட்டும். இரண்டிலும் இடை நடுவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். இப்போது இரண்டாவது கேள்வி: கேள்வித்தாளில் அம்பு எங்கிருந்து எங்கே போகிறது? தூண்டலில் தொடங்கித் துலங்கலில் முடிந்தால் விடை 1. செய்தி போகும் திசைக்கு எதிராக, தசையிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் மட்டும் 6. தேர்வில் 6-ஐ நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம். நடுவில் இடை இருப்பதைப் பார்த்தவுடன் சரி என்று குறியிட்டுவிட்டு, இரு முனைகளைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

ஆகவே இடையை நடுவில் வையுங்கள், பிறகு அம்பின் திசையைப் பாருங்கள். இரண்டே படி.

செய்தி ஏன் திரும்பி ஓடாது?

"தலைகீழாகப் போனால் என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. மின்கம்பியில் மின்சாரம் இரு பக்கமும் ஓடுகிறதே, நரம்பில் மட்டும் ஏன் ஒருவழி?

விடை சந்திப்பில் இருக்கிறது. ஒரு நியூரானும் அடுத்த நியூரானும் பெரும்பாலான இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன் 1897-இல் இந்தப் பெயரை வழங்கினார். முதல் நியூரானின் ஆக்ஸான் முனையில் வேதிப்பொருள் நிரம்பிய சிறு பைகள் உள்ளன. மின் தூண்டல் அங்கே வந்ததும் அந்தப் பைகள் உடைந்து வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அடுத்த நியூரானில் உள்ளன. கொடுக்கும் பைகள் ஒரு பக்கம், வாங்கும் ஏற்பிகள் மறுபக்கம். ஆகவே செய்தி அந்தத் திசையில் மட்டுமே தாண்டும். தண்ணீர்க் குழாயில் பொருத்தும் ஒருவழி வால்வு போல இது வேலை செய்கிறது.

ஓர் இழையின் நடுவில் செயற்கையாகத் தூண்டினால், அந்த இழைக்குள் செய்தி இரு பக்கமும் ஓடத்தான் செய்யும். ஆனால் சினாப்ஸை ஒரு பக்கம்தான் தாண்டும். வரிசையைக் காப்பது சந்திப்புதான். நம் எடுத்துக்காட்டில் நியூரான்களுக்கு இடையே இப்படி இரண்டு சந்திப்புகள் உள்ளன: உணர் நியூரானுக்கும் இடை நியூரானுக்கும் நடுவில் ஒன்று, இடை நியூரானுக்கும் இயக்க நியூரானுக்கும் நடுவில் ஒன்று.

படத்தில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

பட வினாவில் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருப்பார்கள். உள்ளே வண்ணத்துப்பூச்சி போல ஒரு சாம்பல் நிறப் பகுதி. இரு வேர்கள் பக்கவாட்டில் வரும். எந்த வேர் உள்ளே வருவது, எந்த வேர் வெளியே போவது என்பதில்தான் மதிப்பெண் போகிறது.

இதைக் கண்டுபிடித்த வரலாறு வரிசையை மனதில் நிறுத்த உதவும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பெல் 1811-இல் இரு வேர்களுக்கும் வேலை வேறு வேறு என்ற திசையில் எழுதினார். பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா மஜெண்டி 1822-இல் நாய்க்குட்டிகளிடம் அதைத் தெளிவாகச் சோதித்தார். முதுகுப்புற வேர்களை வெட்டியபோது அந்தக் காலில் உணர்வு போய்விட்டது, ஆனால் அசைவு இருந்தது. வயிற்றுப்புற வேர்களை வெட்டியபோது கால் தொய்ந்துவிட்டது, ஆனால் உணர்வு இருந்தது. அதாவது முதுகுப்புறம் உணர்வு உள்ளே வரும் வழி, வயிற்றுப்புறம் இயக்கம் வெளியே போகும் வழி. இந்த விதிக்கு பெல்–மஜெண்டி விதி என்று பெயர்.

படத்தில் முதுகுப்புறம் எது என்று தெரியவில்லையா? முடிச்சைத் தேடுங்கள். இரு வேர்களில் ஒன்றில் மட்டும் புடைத்த ஒரு முடிச்சு இருக்கும். உணர் நியூரான்களின் செல் உடல்கள் கூடியிருக்கும் இடம் அது. முடிச்சு இருக்கும் வேர் முதுகுப்புற வேர், அதாவது உள்ளே வரும் வழி. முடிச்சு இல்லாதது வெளியே போகும் வழி. படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாலும் இந்த அடையாளம் மாறாது.

மூளையை எங்கே வைப்பது?

வரிசைக்குள் மூளையைச் செருகிவிடுவது இன்னொரு தவறு. "உணர் நியூரான், தண்டுவடம், மூளை, தண்டுவடம், இயக்க நியூரான்" என்று எழுதுகிறார்கள். நாம் யோசித்துச் செய்யும் செயலுக்கு அது ஓரளவு பொருந்தும். சுட்ட கை விலகுவதற்குப் பொருந்தாது.

தேக்சா மூடி விஷயத்தில் மூளைக்கும் செய்தி போகிறது. ஆனால் அது ஒரு கிளை வழி. தண்டுவடத்துக்குள் வந்த செய்தி ஒரு பக்கம் இயக்க நியூரானுக்குப் போகிறது, இன்னொரு பக்கம் மேலே மூளைக்கும் போகிறது. வலியை மூளை முழுதாக உணர்ந்து நாம் அறிவதற்குள் கை விலகியிருக்கும். கை முதலில், "அம்மாடி" பிறகு என்பதற்கு இதுவே காரணம்.

எல்லா அனிச்சைச் செயலுக்கும் மையம் தண்டுவடம்தான் என்றும் எழுதிவிட வேண்டாம். கண்ணில் டார்ச் வெளிச்சம் பட்டதும் கண்பாவை சுருங்குவதும் அனிச்சைச் செயலே. அதற்கு மையம் மூளைத் தண்டில் இருக்கிறது. கேள்வியில் கை, கால் என்று வந்தால் தண்டுவடம் என்று எழுதுங்கள்.

இடை நியூரானே இல்லாத ஒரு வில்

மூன்று நியூரான்களும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைப்பதும் ஒரு குழிதான். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் சட்டென்று முன்னால் உதைக்கும். இதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் ஆகிய இரு மருத்துவர்கள் 1875-இல் தனித்தனியே வெளியிட்டார்கள்.

சுத்தியல் தட்டும்போது முழங்கால் தசைநாண் இழுபடுகிறது. அதனுடன் தொடையின் முன்பக்கத் தசையும் சற்று நீள்கிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணர்வேற்பி அதை அறிகிறது. உணர் நியூரான் இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோய், நேரடியாக இயக்க நியூரானிடம் கொடுத்துவிடுகிறது. இடையில் யாரும் இல்லை. இரண்டு நியூரான், ஒரு சினாப்ஸ். அதே தசை சுருங்கிக் கால் உதைக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை அந்த நேரத்தில் எதிர்த்து இழுக்காமல் தளர வேண்டும். அந்தத் தளர்வுக்குத்தான் இடை நியூரான் தேவைப்படுகிறது.

ஆகவே "முழங்கால் உதைப்பு" என்று கேள்வியில் வந்தால் உணர், இயக்க என்ற இரண்டு மட்டும். சூடு, முள் என்று வந்தால் மூன்றும். இரண்டிலும் உணர் முன்னால், இயக்கம் பின்னால் என்பது மாறவில்லை.

எந்த நியூரான் பழுது?

புரிந்ததா என்று சோதிக்க ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு நியூரானையும் தனித்தனியே பழுதாக்கிப் பார்த்தால் வரிசை மறக்காது. மூன்றுக்கும் நம் வாழ்விலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

உணர் நியூரான் பழுது: பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கால் நரம்புகள் கெடுகின்றன. மிக நீளமான இழைகளே முதலில் பாதிக்கப்படுவதால் கால் விரல்களிலிருந்து மரத்துப்போகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு வடாம் காயவைக்கப் போகும் நன்னிக்குத் தரை சுடுவது தெரியாது. இடை நியூரான் நன்றாக இருக்கிறது. இயக்க நியூரானும் நன்றாக இருக்கிறது. காலைத் தூக்குங்கள் என்று சொன்னால் தூக்குவார். ஆனால் முதல் கண்ணி அறுந்துவிட்டதால் அடுத்த இரண்டுக்கும் செய்தியே வரவில்லை. கால் தானாக விலகாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும். சர்க்கரை நோயாளிகள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும், வெந்நீரைக் காலால் சோதிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டியிருக்கிறது.

இயக்க நியூரான் பழுது: இளம்பிள்ளை வாதக் கிருமி தண்டுவடத்தின் வயிற்றுப்பக்கச் சாம்பல் பகுதியில் உள்ள இயக்க நியூரான்களை அழிக்கிறது. பாதிக்கப்பட்ட கால் மெலிந்து தொய்ந்திருக்கும். ஆனால் கிள்ளினால் வலிக்கும். செய்தி உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. மஜெண்டி வயிற்றுப்புற வேரை வெட்டியபோது கண்டதும் இதுவேதான். சொட்டு மருந்தின் பயனாக 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இடை நியூரான் பழுது: துருப்பிடித்த ஆணியோ முள்ளோ குத்திய காயத்தில் மண்ணும் அழுக்கும் சேர்ந்தால் ரண ஜன்னி வரக்கூடும். அந்தக் கிருமியின் நஞ்சு தண்டுவடம் வரை ஏறி, தசையைத் தளரச் சொல்லும் இடை நியூரான்களின் வாயைக் கட்டிவிடுகிறது. தளரச் சொல்ல ஆள் இல்லாததால் எல்லாத் தசையும் ஒருசேர இறுகும். தாடை பூட்டிக்கொள்ளும். சிறு ஓசை கேட்டாலும் உடல் வில்லாக வளையும். இடை நியூரான் வெறும் தபால்காரர் அல்ல, எந்தத் தசை சுருங்க வேண்டும், எது தளர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் அதுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஐந்து வினாக்கள்

விடையைக் கையால் மூடிக்கொண்டு முதலில் நீங்களே எழுதுங்கள். பெற்றோர் கேட்டு, பிள்ளைகள் காரணத்தோடு சொல்வது இன்னும் நல்லது.

வினா 1: வயல் வரப்பில் நடக்கும்போது காலில் கருவேல முள் குத்துகிறது. சரியான வரிசை எது?
அ) உணர்வேற்பி – இயக்க – இடை – உணர் – தசை
ஆ) உணர்வேற்பி – உணர் – இயக்க – இடை – தசை
இ) உணர்வேற்பி – உணர் – இடை – இயக்க – தசை
ஈ) உணர்வேற்பி – இடை – உணர் – இயக்க – தசை

விடை: இ. ஆ, ஈ இரண்டிலும் இடை நியூரான் நடுவில் இல்லை. அ-வில் இடை நடுவில் இருக்கிறது, ஆனால் முனைகள் தலைகீழ்.

வினா 2: பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவர் சூடான இரும்பைத் தொடுகிறார். அவருடைய கைக்குரிய வயிற்றுப்புற வேர்கள் முழுவதும் அறுந்திருந்தால் என்ன நடக்கும்?

விடை: சுடுவது தெரியும், கையை மடக்க முடியாது. உள்ளே வரும் வழி முதுகுப்புறம், அது நன்றாக இருக்கிறது. வெளியே போகும் வழிதான் அறுந்திருக்கிறது.

வினா 3: செருப்புக்குள் கல் இருப்பது ஒரு முதியவருக்குத் தெரியவில்லை. காலை அசைக்கச் சொன்னால் அசைக்கிறார். எந்த நியூரான் பழுது?

விடை: உணர் நியூரான். சொன்னவுடன் அசைக்க முடிவதால் இயக்க நியூரான் நன்றாக இருக்கிறது.

வினா 4: முழங்கால் உதைப்பில் சுருங்கும் தசைக்குச் செய்தி போகும் வழியில் எத்தனை நியூரான், எத்தனை சினாப்ஸ்?

விடை: இரண்டு நியூரான். அவற்றுக்கு நடுவில் ஒரு சினாப்ஸ். இடை நியூரான் இல்லை.

வினா 5: "வெளிச்செல் நியூரான் தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தியைக் கடத்துகிறது." சரியா, தவறா? தவறு என்றால் திருத்துக.

விடை: தவறு. தோலிலிருந்து தண்டுவடத்துக்குக் கடத்துவது உட்செல் நியூரான், அதாவது உணர் நியூரான். வெளிச்செல் நியூரான் தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கடத்துகிறது.

ஐந்தில் எதையாவது தவறவிட்டிருந்தால் வரிசையை மறுபடி ஒப்பிக்க வேண்டாம். ஒரு தாளில் தோல், தண்டுவடம், தசை என்று மூன்று பெட்டி போடுங்கள். தோலையும் தண்டுவடத்தையும் இணைக்கும் கோடு உணர். தண்டுவடப் பெட்டிக்குள்ளேயே போடும் சிறு கோடு இடை. தண்டுவடத்தையும் தசையையும் இணைக்கும் கோடு இயக்கம். தேர்வு அறையில் வினாத்தாளின் ஓரத்தில் இதை வரைய அரை நிமிடம் போதும்.